‘இல்லை’ என்ற பதிலுக்கும் நியாயம் வேண்டும்: கர்ப்பிணிக்கு சி.டி. கேட்கும் படிவம்

இரவு பதினொன்றரை மணிக்கு சி.டி. அறைக்கு வந்த படிவத்தில் இவ்வளவுதான் எழுதியிருந்தது: ‘மூச்சுத்திணறல். நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பா? சி.டி. செஸ்ட், பிளெய்ன் அண்ட் கான்ட்ராஸ்ட்.’ பெயர், வயது, வார்டு எண் இருந்தன. கடைசி மாதவிலக்குத் தேதிக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. மேல் மூலையில், வேறு பேனாவில், யாரோ பிறகு சேர்த்த குறிப்பு: ‘30 வாரம்’.

இது ஒரே நோயாளிக்கு வந்த படிவம் அல்ல. கதிரியல் மருத்துவராக நான் பார்த்த பல படிவங்களைச் சேர்த்து அமைத்துக்கொண்ட ஒன்று. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு குறையும் நிஜத்தில் பார்த்ததுதான். இப்படி ஒரு படிவம் வந்ததும் இரண்டில் ஒன்று நடக்கும். ‘கர்ப்பிணி, சி.டி. வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அல்லது எழுதியபடியே எடுத்து, தேவையில்லாத கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். முதலாவது தாய்க்கு ஆபத்து. இரண்டாவது, தவிர்த்திருக்கக்கூடிய ஒரு சுமை. இரண்டையும் தடுக்கும் இடம் அந்தப் படிவத்தில் ‘நோய் விவரம்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் மூன்று நான்கு கோடுகள்தான்.

அந்தக் கோடுகளில் எழுத வேண்டியதற்கு மருத்துவக் கதிர்வீச்சுத் துறையில் நியாயப்படுத்தல் என்று பெயர். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம், ஐ.சி.ஆர்.பி., இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. மருத்துவத்தில் கதிர்வீச்சைப் பயன்படுத்துவதே தகுமா என்பது முதல் படி. இந்த நோய்க்கு இந்தப் பரிசோதனை பொதுவாகத் தகுமா என்பது இரண்டாவது. இந்த நோயாளிக்கு, இன்று, இது தகுமா என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் உலகம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. மூன்றாவதை வார்டில் நிற்கும் மருத்துவர்தான் எழுத வேண்டும். வேறு யாராலும் முடியாது. பிரிட்டனில் 2017ஆம் ஆண்டின் கதிர்வீச்சு விதிகள், பரிசோதனை கேட்பவர், அதை நியாயப்படுத்துபவர், எடுப்பவர் என்று மூன்று பொறுப்புகளைத் தனித்தனியே வகுத்து, கேட்பவர் போதிய விவரம் தந்தே ஆக வேண்டும் என்று சொல்கின்றன. நம் ஊரில் கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட் எடுப்பதென்றால், 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் ‘எஃப்’ படிவத்தை ஒரு கட்டம் விடாமல் நிரப்புகிறோம். அந்தச் சட்டத்துக்கு அதன் நோக்கம் இருக்கிறது, அது சரியும்கூட. அதே கவனத்தில் பாதியாவது கதிர்வீச்சுள்ள சி.டி.யின் படிவத்துக்குப் போக வேண்டும் என்பது என் வருத்தம்.

கர்ப்பிணிக்கு சி.டி. கேட்கும் சூழல்கள் பல. தலையில் அடி, குடல்வால் அழற்சி, சிறுநீரகக் கல், சாலை விபத்து. அவற்றில் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மிக அதிகமாகக் குழம்புவதும், அதிகமாக ஆராயப்பட்டிருப்பதும் அதுதான். காலிலோ இடுப்பிலோ உள்ள சிரையில் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்துபோய் நுரையீரல் தமனியில் அடைத்துக்கொள்ளும் நோய் அது. கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. வளரும் கருப்பை சிரைகளை அழுத்துகிறது. மூச்சிரைப்பும், வேகமான நாடித்துடிப்பும், கால்வீக்கமும் நல்ல கர்ப்பிணிக்கும் இருக்கும். நோயின் அடையாளமும் கர்ப்பத்தின் அடையாளமும் ஒன்றுபோலவே இருப்பதுதான் சிக்கல்.

பயம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது வெறும் மூடநம்பிக்கை அல்ல. 1950களில் பிரிட்டனில் ஆலிஸ் ஸ்டூவர்ட், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரையும் நலமாக உள்ள குழந்தைகளின் தாய்மாரையும் சந்தித்துக் கேள்விகள் கேட்கச் செய்தார். 1956இல் முதல் குறிப்பும் 1958இல் விரிவான கட்டுரையும் வெளிவந்தன. கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மார், இறந்த குழந்தைகளின் பக்கம் கூடுதலாக இருந்தார்கள். நீண்ட காலம் அதை ஏற்க மறுத்தார்கள். பின்னாளில் 1997இல் ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் வேக்ஃபோர்டு இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, சுமார் 10 மில்லி கிரே அளவிலேயே குழந்தைப் பருவப் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்னொரு பயம் ஹிரோஷிமாவிலிருந்தும் நாகசாகியிலிருந்தும் வந்தது. குண்டு விழுந்தபோது 8 முதல் 15 வாரக் கருவாக இருந்த குழந்தைகள் சிலர் கடுமையான மூளை வளர்ச்சிக் குறையோடு பிறந்தார்கள். ஆனால் அந்தப் பாதிப்பு சுமார் 300 மில்லி கிரேக்கு மேல்தான் தெரிந்தது.

இந்த இரண்டு பயங்களையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. படிவம் எழுதுபவர் முதலில் தெளிய வேண்டியது இதில்தான். உறுப்புக் குறை, கருச்சிதைவு, மூளை வளர்ச்சிக் குறை ஆகியவற்றுக்கு ஒரு வாசல் அளவு உண்டு. அதைத் தாண்டாதவரை அவை வருவதில்லை. 2000ஆவது ஆண்டில் வந்த தன் 84ஆவது வெளியீட்டில், 100 மில்லி கிரேக்குக் கீழே கதிர்வீச்சை மட்டும் காரணமாகக் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமல்ல என்று ஐ.சி.ஆர்.பி. திட்டமாகச் சொன்னது. புற்றுநோய்க்கு அப்படி ஒரு வாசல் இருப்பதாக நாம் கொள்வதில்லை. எவ்வளவு சிறிய அளவுக்கும் அதற்கேற்ற சிறிய வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகிறோம்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நுரையீரல் தமனிக்கான சி.டி.யில் கதிர்க்கற்றை மார்பில் விழுகிறது. கரு அந்தக் கற்றைக்கு வெளியே இருக்கிறது. தாயின் உடலுக்குள்ளேயே சிதறி வரும் கதிர் மட்டும்தான் கருவைத் தொடுகிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 2017இல் தந்த அட்டவணைப்படி அது 0.01 முதல் 0.66 மில்லி கிரே வரை. ஒன்பது மாதமும் ஒரு ஸ்கேன்கூட எடுக்காத தாயின் வயிற்றில் உள்ள கரு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சில் பெறுவதே 0.5 முதல் 1 மில்லி கிரே. நம் நோயாளிக்கு 0.1 என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி, ஒரு மில்லி கிரேக்கு 13,000 குழந்தைகளில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்று கணிக்கிறது. அப்படியானால் 0.1 மில்லி கிரேக்கு 1,30,000 பேரில் ஒருவர். எந்த ஸ்கேனும் இல்லாமலேயே குழந்தைப் பருவத்தில் 500 பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் வருகிறது. 1,30,000 பேரில் அது 260 பேர். எல்லாத் தாய்மாருக்கும் இந்த சி.டி. எடுத்தால் அந்த 260 என்பது 261 ஆகலாம்.

இதைச் சொன்னதும் பலர், ‘அப்படியானால் தாராளமாக எடுக்கலாமே’ என்பார்கள். இங்கேதான் நான் நின்று பேச விரும்புகிறேன். தராசின் ஒரு தட்டில் உள்ள எடை சிறியது என்பதாலேயே மறுதட்டு நிரம்பிவிடாது. பயன் என்ன என்று எழுத வேண்டும். அதுவும் சி.டி. எடுப்பதற்கும் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கும் இடையிலான பயன் அல்ல, சி.டி.க்கு அடுத்தபடியாக இருக்கும் வழியோடு ஒப்பிட்ட பயன். பெரும்பாலான படிவங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சிகிச்சை இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1960இல் பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் இந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு மட்டும் ஹெப்பாரின் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் இந்த அடைப்பாலேயே இறந்துபோனார்கள். அவர்கள் கர்ப்பிணிகள் அல்லர். அந்தக் காலத்தில் நோய் முற்றிய பிறகே கண்டுபிடித்தார்கள். எனவே அந்த விகிதத்தை அப்படியே இன்றைய வார்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஆனாலும் சந்தேகத்தை அப்படியே விட்டுவிடுவது ஒரு வழியே அல்ல என்பதற்கு அதுவே போதும். ஆகவே உண்மையான அடுத்த வழிகள் வேறு.

முதலாவது, காலைப் பார்ப்பது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் முதலில் டாப்ளர் எடுக்க வேண்டும். தொடைச் சிரையில் கட்டி தெரிந்துவிட்டால் மருந்து ஒன்றேதான்; மார்பு சி.டி.க்கு அவசியம் இல்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகம் 2015இலும் ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019இலும் இதையே சொல்கின்றன. இரண்டாவது, மார்பு எக்ஸ்ரே. இதற்கே பயந்து தவிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவுக்குப் போவது அதிகபட்சம் 0.01 மில்லி கிரே. நிமோனியாவோ, நுரையீரலைச் சுற்றிக் காற்றோ நீரோ தெரிந்தால் கேள்வியே மாறிவிடும்.

மூன்றாவது, டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை. கர்ப்பத்தில் அது எல்லோருக்குமே ஏறிவிடும், ஆகவே பயனில்லை என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் சொன்னார்கள். 2019இல் வெளியான ஆர்ட்டெமிஸ் ஆய்வு அதை மாற்றியது. 498 கர்ப்பிணிகளிடம் மூன்றே கேள்விகள் கேட்டார்கள்: காலில் கட்டிக்கான அறிகுறி இருக்கிறதா, இருமலில் ரத்தம் வருகிறதா, மருத்துவரின் கணிப்பில் மற்ற எதையும்விட இந்த அடைப்புக்கே வாய்ப்பு அதிகமா. மூன்றுக்கும் இல்லை என்றால் டி-டைமர் 1,000 நானோகிராமுக்குக் கீழே இருக்கும்வரை சி.டி. வேண்டாம். ஒன்றாவது ஆம் என்றால் எல்லை 500. இப்படிச் செய்ததில் 39 விழுக்காட்டினருக்கு சி.டி. தவிர்க்க முடிந்தது. முதல் மூன்று மாதத்தில் இருந்தவர்களில் 65 விழுக்காடு, கடைசி மூன்று மாதத்தில் இருந்தவர்களில் 32 விழுக்காடு. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். டி-டைமரை ஆய்வகங்கள் இரண்டு விதமான அலகுகளில் தருகின்றன. ஒன்றின் எண் மற்றதில் ஏறக்குறைய பாதியாகத் தெரியும். மேலே சொன்ன எல்லைகள் ஃபைப்ரினோஜன் அலகுக்கானவை. அறிக்கையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் உள்ள அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படிவத்தில் எழுதினால், ஸ்கேன் தேவைப்படும் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பிவிட நேரும்.

நான்காவது, அணு மருத்துவத்தின் நுரையீரல் ரத்த ஓட்ட ஸ்கேன். மார்பு எக்ஸ்ரே இயல்பாக இருந்தால் இதையே முதலில் செய்யலாம் என்று 2011இல் அமெரிக்க மார்பு நோய் சங்கம் சொன்னது. சிசுவுக்கு சி.டி. நல்லது, தாயின் மார்பகத்துக்கு இந்த ஸ்கேன் நல்லது என்ற ஒரு பழைய வாதம் உண்டு. அதில் முதல் பாதி இன்று மெலிந்துவிட்டது. இரண்டிலும் கருவுக்குப் போகும் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டாம் பாதி இன்றும் நிற்கிறது. ஐரோப்பிய சங்கத்தின் 2019ஆம் ஆண்டு அட்டவணைப்படி சி.டி.யில் மார்பகத்துக்கு 3 முதல் 10 மில்லி கிரே. குறைந்த மருந்தளவில் செய்யும் ரத்த ஓட்ட ஸ்கேனில் 0.5ஐத் தாண்டுவதில்லை. அதாவது இந்த சி.டி.யில் கதிர்வீச்சைச் சுமப்பவள் பெரும்பாலும் தாய்தான், குழந்தை அல்ல. வார்டில் யாரும் அவளுடைய பங்கைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். இருந்தாலும் அணு மருத்துவப் பிரிவு பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. இருக்கும் இடத்திலும் இரவில் பூட்டியிருக்கும். மாவட்டத் தலைமை ஊர் ஒன்றில் நள்ளிரவில் அது ஒரு வழியாகாது. அதைப் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கடைசி வழி, ஸ்கேன் இல்லாமலேயே ஹெப்பாரினைத் தொடர்வது. ‘ஊசி போட்டுட்டே போவோம், எதுக்கு ரிஸ்க்’ என்பது வார்டில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். கேட்கப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் அப்படி இல்லை. 30ஆவது வாரத்தில் தொடங்கினால் பிரசவம் வரை 10 வாரம், பிரசவத்துக்குப் பின் குறைந்தது 6 வாரம். ஒரு நாளைக்கு இரண்டு ஊசி என்றால் 224 ஊசிகள். வலி வரும்போது கடைசி ஊசி போட்டு 24 மணி நேரம் ஆகவில்லை என்றால் முதுகில் மயக்க ஊசி போட முடியாது. அவசர சிசேரியன் என்றால் முழு மயக்கம்தான். பிரசவத்தில் ரத்தப்போக்கு பற்றிய கவலை. அடுத்த கர்ப்பத்திலும் இதே ஊசி. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வாழ்நாள் முழுக்கக் கூடாது என்ற குறிப்பு. இல்லாத ஒரு நோய்க்காக இவ்வளவும்.

எத்தனை பேருக்கு நோய் இல்லாமல் இருக்கும்? ஆர்ட்டெமிஸ் ஆய்வில் சந்தேகப்பட்டு வந்த 498 பேரில் தொடக்கத்தில் நோய் உறுதியானது 20 பேருக்கு. நூற்றுக்கு நான்கு. மற்ற 96 பேருக்கும் ‘இல்லை’ என்பதே விடை. எனவே கர்ப்பிணிக்குக் கேட்கும் சி.டி.யின் நியாயம், ‘ஒருவேளை இருந்தால்’ என்பதன் மேல் மட்டும் நிற்க முடியாது. இல்லை என்று வந்தால் எது நிறுத்தப்படும், எது தவிர்க்கப்படும் என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் ஒரே சிகிச்சைதான் என்று மருத்துவர் முடிவு செய்துவைத்திருந்தால், 0.1 மில்லி கிரேயும் அதிகம்தான், அந்த சி.டி.யை நான் எடுக்க மாட்டேன்.

இப்போது நம் நோயாளிக்கு வருவோம். வயது 27, இரண்டாவது கர்ப்பம், 30 வாரம். மாலையிலிருந்து மூச்சிரைப்பு, வலது விலாவில் மூச்சிழுக்கும்போது குத்துவலி. நாடித்துடிப்பு 118, மூச்சு நிமிடத்துக்கு 26, விரலில் பார்த்த ஆக்சிஜன் 93. காய்ச்சல் இல்லை. இரண்டு கால்களிலும் ஒரே அளவு வீக்கம், வலி இல்லை. எக்ஸ்ரேயில் குறிப்பாக எதுவும் தெரியவில்லை. டி-டைமர் 1,640, ஃபைப்ரினோஜன் அலகில். எடை 62 கிலோ. பட்டமேற்படிப்பு மாணவியிடம் போனில் இவற்றையெல்லாம் கேட்டு வாங்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது. அவர் எல்லாவற்றையும் செய்திருந்தார், தெரிந்தும் வைத்திருந்தார். படிவத்தில் எழுதத்தான் இல்லை. ‘மேடம், இதெல்லாம் ஃபார்ம்ல எழுதணுமா?’ என்று கேட்டார். எழுதச் சொன்னேன். திரும்பி வந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் பொருளைத் தமிழில் தருகிறேன்.

‘30 வாரக் கர்ப்பிணி, ஒரே கரு. ஆறு மணி நேரமாக மூச்சுத்திணறல், வலப்பக்கக் குத்துவலி, நாடி 118, ஆக்சிஜன் 93. எக்ஸ்ரே இயல்பு. காலில் கட்டிக்கான அறிகுறி இல்லை. நுரையீரல் அடைப்புக்கே வாய்ப்பு அதிகம் எனக் கருதுகிறோம். டி-டைமர் 1,640, எல்லையான 500ஐத் தாண்டியது. ரத்த ஓட்ட ஸ்கேன் இங்கு இல்லை. ஹெப்பாரின் முதல் ஊசி இரவு 11 மணிக்குப் போட்டாகிவிட்டது. அடைப்பு உண்டு என்றால் பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரை தொடர்வோம். இல்லை என்றால் நிறுத்துவோம். நுரையீரல் தமனிக்கான சி.டி. மட்டும் வேண்டும். நோயாளியிடம் பேசி ஒப்புதல் பெற்றுள்ளோம். ஒவ்வாமை இல்லை. முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான்.’

பத்து வரி. இதில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் கையை நகர்த்தும். ‘மட்டும்’ என்ற சொல்லைப் பாருங்கள். முதல் படிவத்தில் இருந்த ‘பிளெய்ன் அண்ட் கான்ட்ராஸ்ட்’ என்பது பழக்கத்தில் எழுதுவது. கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒருமுறை, கொடுத்து ஒருமுறை என்று மார்பை இரண்டு முறை கடக்கும். அடைப்பைத் தேட முதல் சுற்றால் ஒரு பயனும் இல்லை. அதோடு வழக்கமான மார்பு சி.டி. சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பி வரை கீழே இறங்கும். 30 வாரத்தில் கருப்பையின் உச்சி தொப்புளுக்கும் மார்பெலும்பு நுனிக்கும் நடுவே ஏறியிருக்கும். 36 வாரத்தில் அந்த நுனியையே தொடும். அங்கே இறங்கினால் சிதறல் கதிர் என்ற கணக்கு உடைந்து, நேர்க்கற்றையே கருப்பையின் மேல் விழுந்துவிடும். ‘30 வாரம்’ என்பது படிவத்தின் நடுவில் இருந்தால்தான், டெக்னீஷியன் முன்னோட்டப் படத்தில் கீழ்க்கோட்டை உதரவிதானத்தோடு நிறுத்துவார். நிறுத்தினாரா என்பதை முன்னோட்டப் படத்திலேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.

பச்சை வென்ஃப்ளானுக்கும் காரணம் உண்டு. கர்ப்பிணியின் உடலில் ரத்தம் அதிகம், இதயம் வேகமாகத் தள்ளுகிறது. கான்ட்ராஸ்ட் நீர்த்து, சீக்கிரம் கடந்துபோகிறது. புறங்கையில் மெல்லிய ஊசி வழியே மெதுவாகச் செலுத்தினால் தமனிகள் வெளிறித்தான் தெரியும். அதைவிட வழக்கமான தவறு மூச்சில் இருக்கிறது. ‘நல்லா மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று சொன்னால், அந்த ஆழ்ந்த மூச்சில் வயிற்றுப் பக்கத்துப் பெருஞ்சிரையிலிருந்து கான்ட்ராஸ்ட் கலக்காத ரத்தம் குபுக்கென்று இதயத்துக்குள் ஏறி, சரியாகப் படமெடுக்கும் நொடியில் நுரையீரல் தமனியை நிரப்பிவிடும். மேல் பெருஞ்சிரையும் மகாதமனியும் பளிச்சென்று இருக்க, நடுவில் உள்ள நுரையீரல் தமனி மட்டும் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அந்தப் படத்தை வைத்து உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மறுபடி எடுக்க வேண்டும், கதிர்வீச்சு இரட்டிப்பாகும். இந்த ஒரு தவறைத் தடுக்க ‘சாதாரணமா மூச்சு விட்டுட்டு அப்படியே நிறுத்துங்கம்மா’ என்ற ஒரு வாக்கியம் போதும். மேசையில் படுக்க வைக்கும்போது வலது இடுப்புக்குக் கீழே ஒரு துணி மடிப்பும் வேண்டும். மல்லாந்து படுத்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தி ரத்த அழுத்தம் இறங்கிவிடும். வயிற்றின் மேல் ஈய உடுப்பு போர்த்துவது தாய்க்கு மனநிம்மதி தரும் என்றாலும், கருவை எட்டும் கதிர் உடலுக்குள்ளேயே சிதறி வருவதால் அதனால் தடுக்க முடிவது மிகக் குறைவு. 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது.

‘நோயாளியிடம் பேசி ஒப்புதல்’ என்ற வரி உண்மையாக இருக்க வேண்டும். அன்று சி.டி. அறை வாசலில் நின்றது அவளுடைய மாமியார். ‘டாக்டரம்மா, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?’ என்று கேட்டார். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, ஆனால் அது முழு உண்மை அல்ல. நான் சக்கர நாற்காலியில் இருந்தவளைப் பார்த்துச் சொன்னேன்: ‘இந்தக் கதிர் உன் நெஞ்சுக்குத்தாம்மா, வயித்துக்கு இல்ல. ஒம்பது மாசமும் சும்மா இருந்தாலே குழந்தைக்கு இயற்கையா வர்ற கதிர்ல ஒரு பங்குதான் இதுல போகும். அதனால உறுப்புக் குறையெல்லாம் வராது. பின்னால புத்துநோய் வர்றதுக்கான வாய்ப்பு லட்சத்துல ஒண்ணுக்கும் கீழே. ஆனா நுரையீரல்ல கட்டி இருந்து நாம பாக்காம விட்டா உனக்கு ஆபத்து, உனக்கு ஆபத்துன்னா குழந்தைக்கும் ஆபத்து. கதிர்ல பெரும்பங்கு உன் மார்புலதான் படும், அதுவும் ரொம்பக் கம்மிதான்.’ அவள் கேட்டது ஒரே கேள்வி: ‘ஊசி போட்டா பால் குடுக்கலாமா மேடம், பின்னாடி?’ கொடுக்கலாம். அவள் பிரசவிப்பதற்குள் கான்ட்ராஸ்ட் உடலை விட்டுப் போயிருக்கும். தாய்ப்பால் கொடுப்பவளுக்கே அதற்காக நிறுத்தச் சொல்வதில்லை. அதில் உள்ள அயோடின் நஞ்சுக்கொடியைத் தாண்டும் என்பதால், பிறந்த குழந்தைக்குத் தைராய்டு பரிசோதனை தவறாமல் செய்யுமாறு கோப்பில் எழுதிவைத்தால் போதும்.

இந்த எண்களை வயிற்று சி.டி.க்குக் கடன் வாங்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே கருப்பை நேர்க்கற்றைக்குள் இருக்கிறது. அடிவயிற்று சி.டி.யில் கருவுக்கு 10 முதல் 50 மில்லி கிரே போகலாம். 25 என்று வைத்தால் அதே கணக்குப்படி 520 பேரில் ஒருவருக்குக் கூடுதல் புற்றுநோய். இயல்பான 500இல் ஒன்று ஏறக்குறைய இரண்டாகிறது. அப்போதும் வாசல் அளவான 100க்குக் கீழேதான், அப்போதும் 500 குழந்தைகளில் 498 பேருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் படிவம் அங்கே வேறு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: அல்ட்ராசவுண்டில் என்ன தெரிந்தது, எம்.ஆர்.ஐ. ஏன் முடியாது. குடல்வால் வெடித்துவிட்டால் கருவை இழக்கும் வாய்ப்பு பல மடங்கு ஏறுகிறது. ஆகவே எம்.ஆர்.ஐ.க்காக விடியும்வரை காத்திருப்பதே சில நேரம் தவறான முடிவாகிவிடும். சாலை விபத்தில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் கர்ப்பிணிக்கோ ஒரு வரி போதும். அங்கே பத்து வரி எழுதும் நேரமே தீங்கு.

தெரியாமல் எடுத்துவிட்ட பிறகு கர்ப்பம் என்று தெரிய வந்தால்? கட்டத்தில் கோடு இழுத்ததன் விலை அங்கேதான் தெரியும். மருத்துவ இயற்பியலாளரைக் கொண்டு கருவுக்குப் போன அளவைக் கணக்கிடச் சொல்ல வேண்டும். இயந்திரம் திரையில் காட்டும் அளவு கருவுக்குப் போன அளவு அல்ல. அதைப் பார்த்துப் பதறி, கலைத்துவிடுங்கள் என்று சொல்லும் அவசரம் கதிர்வீச்சைவிட அதிகக் கருக்களை அழித்திருக்கிறது. 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பின் கிரீஸில் கருவுக்குப் போன அளவு ஒரு மில்லி கிரேக்கும் குறைவு. ஆனால் பயத்தால் அந்த ஆண்டு அங்கே சுமார் 2,500 விரும்பிய கர்ப்பங்கள் கலைக்கப்பட்டதாக மறு ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

நம் நோயாளியின் சி.டி. நள்ளிரவு 12.40க்கு முடிந்தது. நுரையீரல் தமனிகள் கடைசிக் கிளைகள் வரை பளிச்சென்று நிரம்பியிருந்தன. அடைப்பு இல்லை. வலது கீழ்மடலின் பின்புறம், உதரவிதானத்தின் வளைவுக்குப் பின்னால், எக்ஸ்ரேயில் மறைந்திருந்த ஒரு சிறிய நிமோனியாத் திட்டு இருந்தது. அறிக்கையைப் போனில் சொன்னபோது அந்த மாணவி ஒரு நொடி பேசவில்லை. பிறகு, ‘அப்ப தேவையில்லாம எடுத்துட்டோமா மேடம்?’ என்றார். படிவத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆறாவது ஏழாவது வரியைப் பாருங்கள் என்றேன். காலை ரவுண்டில் கோப்பைப் பார்த்தேன். மருந்துத் தாளில் ஹெப்பாரினுக்கு நேரே குறுக்குக்கோடு போட்டு, நேரம் குறித்துக் கையெழுத்திட்டிருந்தார். அதற்குக் கீழே ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ், அதிகாலை 1.15.